எந்தக் கிழமை வாங்கியது?

அந்த வெள்ளிக்கிழமை இரவு எட்டேகால் மணிக்குக் கோழி ஈரல் மிளகு வறுவலும் சோறும் சாப்பிட்டேன். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருப்பதற்குக் காரணம், பிறகு அதை நான்கு பேரிடம் சொல்ல வேண்டியிருந்ததுதான். ஆம்புலன்ஸில் ஒருவர், அவசரப் பிரிவில் ஒரு செவிலியர், இரண்டு மருத்துவர்கள். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்கு?

எட்டே முக்காலுக்குத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தேன். நெஞ்சுக்குள் யாரோ உரலில் இடிப்பது போல இருந்தது. துடிப்பு வேகமாக இல்லை. ஓங்கி ஓங்கி அடித்தது. கழுத்தின் பின்பக்கம் இறுகியது. பிறகு பிடரியிலிருந்து தலைவலி கிளம்பியது. எனக்குத் தலைவலி புதிதல்ல. ஆனால் வழக்கமான தலைவலி நெற்றியில் மெதுவாக வந்து உட்காரும். இது கீழிருந்து மேலே ஏறியது, ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு படி. ஐந்தே நிமிடத்தில் விளக்கைப் பார்க்க முடியவில்லை. சட்டை நனைந்துவிட்டது.

கிழக்கு லண்டனில் ஒரு சின்ன வீட்டில் நானும் மதுரைக்காரத் தம்பி ஒருவனும் வாடகையைப் பகிர்ந்துகொண்டு இருந்தோம். அவன் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மூஞ்சியே வெளுத்துப்போச்சு?" என்றான். தலைவலி என்றேன். உள்ளே போய் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தான். "சளிக் காய்ச்சலுக்கு வாங்குனது. தலைவலியும் கேக்கும். ரெண்டு போடுங்க."

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்துகள் ஆடின. பாராசிட்டமால், காஃபின், ஃபினைல்எஃப்ரின். மூன்றாவது பெயரைப் படித்ததும் அட்டையைக் கீழே வைத்தேன். மூக்கடைப்பைத் திறப்பதற்காகச் சளி மாத்திரைகளில் சேர்க்கும் மருந்து அது. ரத்தக்குழாய்களைச் சுருக்கித்தான் அது மூக்கைத் திறக்கிறது. என் உடம்பில் அந்த நிமிடம் ஏற்கெனவே எல்லா ரத்தக்குழாய்களும் சுருங்கிக்கொண்டிருந்தன. அவன் அன்பாக நீட்டியது எரிகிற அடுப்பில் ஊற்றும் எண்ணெய். அது அவன் தப்பல்ல. அவனிடம் நான் சொல்லி வைத்திருந்தது வேறு கதை.

அலமாரியிலிருந்த ரத்த அழுத்தக் கருவியை எடுத்து மாட்டினேன். என் வழக்கமான அளவு 110/70. அன்று 196/112 காட்டியது. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி பார்த்தேன். 208/118.

"தம்பி, 999-க்கு போன் பண்ணு. எம்.ஏ.ஓ. தடுப்பான் சாப்பிடுற ஆளுன்னு சொல்லு."

"என்ன சாப்பிடுற ஆளு?"

பர்ஸிலிருந்து ஒரு மடித்த அட்டையை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றரை வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கிறேன் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

*

என் மருந்தின் பெயர் டிரானில்சைப்ரோமின். 1960களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த பழைய மருந்து. மனச்சோர்வுக்கு இன்று முதலில் கொடுப்பது இதையல்ல. புதிய மருந்துகளை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அவை ஒன்றும் கேட்காத சிலருக்குத்தான் நிபுணர்கள் இந்தப் பழைய பெட்டியைத் திறப்பார்கள். எனக்கு மூன்று வருடத்தில் நான்கு மருந்துகள் தோற்றன. அந்த மூன்று வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படுக்கைக்கும் குளியலறைக்கும் நடுவே பதினொரு அடி. சில நாட்கள் அதைக் கடக்கவே மத்தியானம் ஆகிவிடும்.

பழைய மருந்தை நிறுத்தி, அது உடம்பை விட்டுப் போக இரண்டு வாரம் காத்திருந்து, பிறகுதான் இதைத் தொடங்கினார்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்கக்கூடாது. அது வேறொரு ஆபத்து. ஐந்தாவது வாரம், ஒரு ஞாயிறு காலையில், யாரும் சொல்லாமல் எழுந்து தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். குளித்து முடித்த பிறகுதான் நான் செய்ததே எனக்கு உறைத்தது. ஈரத் தலையோடு கட்டிலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். அதனால் இந்த மருந்தைப் பற்றி யாராவது 'ஆபத்தான மருந்து' என்று மட்டும் சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஆபத்துதான். ஆனால் என்னை எழுப்பியதும் அதுதான்.

மருந்தோடு ஒரு பட்டியலும் கொடுத்தார்கள். நாள்பட முதிர்ந்த சீஸ், உலர்த்திப் புளிக்கவைத்த இறைச்சி, மார்மைட் போன்ற ஈஸ்ட் சாறு, சோயா சாஸ், பீப்பாயிலிருந்து பிடிக்கும் பீர், உப்பிட்டு உலர்த்திய மீன், கெட்டுப்போன இறைச்சி. இவை எதுவும் கூடாது. சளி மாத்திரை வாங்கினால் மருந்தாளரிடம் காட்டாமல் போடக்கூடாது.

அலுவலகத்தில் பீட்சா வரும் நாட்களில், ஊர் நண்பர்கள் கருவாடு வறுக்கும் நாட்களில், நான் ஏன் தொடுவதில்லை என்று கேட்பார்கள். 'அலர்ஜி' என்று சொல்லிவிடுவேன். அலர்ஜி என்றால் யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை. மனச்சோர்வு என்று சொன்னால் ஒன்று பேச்சு நின்றுவிடும், அல்லது யோகா பற்றி ஆரம்பித்துவிடுவார்கள். அம்மாவிடமும் அலர்ஜி என்றுதான் சொல்லியிருந்தேன். "சின்ன வயசுல கருவாடு இல்லாம சோறு இறங்காதே உனக்கு. அந்த ஊருத் தண்ணி ஒத்துக்கல போல" என்று அவளே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக்கொண்டாள்.

*

இந்த உணவுகளில் இருப்பது டைரமின் என்ற பொருள். நாம் சாப்பிடும் புரதத்தில் டைரோசின் என்றொரு அமினோ அமிலம் இருக்கிறது. 1846இல் ஜெர்மானிய வேதியியலாளர் யூஸ்டுஸ் ஃபான் லீபிக் அதைச் சீஸிலிருந்து பிரித்தெடுத்தார். கிரேக்கத்தில் சீஸுக்கு 'டைரோஸ்' என்று பெயர். அதிலிருந்துதான் டைரோசின். புரதம் உள்ள உணவில் பாக்டீரியாக்கள் பெருகும்போது, அவற்றில் சில இந்த டைரோசினிலிருந்து ஒரு துண்டைக் கழற்றி டைரமினாக மாற்றுகின்றன. ஆகவே பெயரிலேயே சீஸ் இருந்தாலும், விஷயம் சீஸில் இல்லை. புரதம், பாக்டீரியா, நாட்கள் மூன்றும் சேர்ந்தால் டைரமின் உண்டாகும்.

மற்றவர்கள் இதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆவதில்லை. குடலிலும் ஈரலிலும் மோனோஅமீன் ஆக்சிடேஸ் என்ற நொதி காவலுக்கு நிற்கிறது. வருகிற டைரமினை ரத்தத்துக்குள் விடாமல் அங்கேயே உடைத்துவிடும். ஒருவருக்கு ரத்த அழுத்தம் ஏற வேண்டுமானால் பல நூறு மில்லிகிராம் தேவை. ஒரு வேளைச் சாப்பாட்டில் அவ்வளவு உள்ளே போவது அரிது.

என் மருந்து செய்வது அந்தக் காவலாளியை முடக்குவது. மூளையில் அதே நொதி செரட்டோனினையும் நார்அட்ரினலினையும் டோப்பமினையும் உடைக்கிறது. அதை அங்கே நிறுத்தினால் அவை மிஞ்சி, சிலருக்கு மனம் மேலெழுகிறது. ஆனால் மாத்திரைக்கு மூளை எது, குடல் எது என்ற பேதம் தெரியாது. இரண்டு இடத்திலும் நிறுத்திவிடும். அதுவும் நிரந்தரமாக. முடங்கிய நொதி மறுபடி எழுவதில்லை. உடம்பு புதிதாகச் செய்துகொள்ள வேண்டும். அதனால்தான் மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் பட்டியலைக் கடைப்பிடிக்கச் சொல்கிறார்கள். 'நேத்தே மாத்திரைய விட்டுட்டேன், இன்னைக்குச் சாப்பிடலாம்' என்று நினைப்பதுதான் பலர் மாட்டிக்கொள்ளும் இடம்.

காவல் இல்லாத வழியாக டைரமின் ரத்தத்துக்குள் வந்து, ரத்தக்குழாய்களைக் கட்டுப்படுத்தும் நரம்புகளின் நுனிக்குள் நுழைகிறது. அங்கே சின்னச் சின்னப் பைகளில் நார்அட்ரினலின் சேமிக்கப்பட்டிருக்கும். தேவைக்குத் தகுந்தபடி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். டைரமின் செய்வது தீபாவளிக்கு முந்தின நாள் பேருந்தில் ஏறுகிற கும்பல் செய்வது. உள்ளே முண்டியடித்து ஏறி, உட்கார்ந்திருந்தவர்களை மொத்தமாக வெளியே தள்ளுகிறது. அப்படித் தள்ளப்பட்ட நார்அட்ரினலின் முழுவதும் ஒரே நேரத்தில் ரத்தக்குழாய்களைச் சுருக்குகிறது. அழுத்தம் நிமிடங்களில் எகிறுகிறது. என் போன்றவர்களுக்குப் பத்து மில்லிகிராம் டைரமினே போதும். இருபத்தைந்தை எட்டினால் நிலைமை மோசமாகலாம். சாதாரண நாட்களில் இதே மருந்து எனக்கு அழுத்தத்தைக் குறைக்கத்தான் செய்கிறது. சட்டென்று எழுந்தால் கண் இருட்டும். அதனால், 'எனக்கு எப்பவும் லோ பி.பி.தானே' என்கிற தைரியம் இந்த மருந்து எடுப்பவருக்கு உதவாது.

*

ஆம்புலன்ஸ் வரும்வரை சாய்வு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். படுத்தால் வலி கூடியது. அவசரப் பிரிவில் என்னைப் பார்த்த இளம் மருத்துவர் இந்த மருந்து எடுக்கும் ஒருவரை அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அட்டையைப் படித்துவிட்டு மூத்தவரை அழைத்தார், மருந்தகத்துக்கும் பேசினார். அந்த ஒளிவின்மை எனக்குப் பிடித்திருந்தது.

முதலில் தலைக்கு ஸ்கேன். இவ்வளவு அழுத்தத்தில் வரும் திடீர்த் தலைவலியில் மூளைக்குள் ரத்தம் கசிந்திருக்கிறதா என்பதுதான் அவர்களின் முதல் பயம். இந்த மருந்துகளால் ஆட்கள் இறந்தது அப்படித்தான். கசிவு இல்லை. இதயத்துக்கு ஈ.சி.ஜி. எடுத்தார்கள். கையில் ஊசிக்கு வழி போட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தம் பார்த்தார்கள்.

"உடனே குறைத்துவிட மாட்டீர்களா?" என்று கேட்டேன். மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார். ஒரு காலத்தில் இந்த மருந்து எடுப்பவர்கள் நிஃபெடிபின் என்ற மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்திருப்பார்களாம். தலைவலி வந்தால் கடித்து நாக்கடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது அழுத்தத்தைச் சொல்லாமல் கொள்ளாமல் கீழே தள்ளியது. மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் போதாமல் போய், வந்த ஆபத்தைவிடப் போட்ட மாத்திரை பெரிய ஆபத்தான சம்பவங்கள் நடந்தன. இப்போது அதைச் செய்வதில்லை. டைரமின் உடம்பில் நீண்ட நேரம் தங்காது. பெரும்பாலும் சில மணி நேரத்தில் அழுத்தம் தானாகவே இறங்கும். இறங்காவிட்டாலோ, உறுப்பு எதுவும் பாதிக்கப்படும் அறிகுறி தெரிந்தாலோ, ஊசி வழியாக அளந்து அளந்து குறைப்பார்கள். எனக்கான ஊசி மருந்து தயாராக ட்ரேயில் இருந்தது.

பத்தரைக்கு 182. பதினொன்றரைக்கு 154. பன்னிரண்டரைக்கு 128. ட்ரேயை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வலி, அலை திரும்புவது போல, வந்த வழியே பிடரிக்கு இறங்கிப் போனது. தம்பி அதுவரை பிளாஸ்டிக் நாற்காலியில் என் ஜாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அந்த மாத்திரைய நீங்க போட்டிருந்தா என்னண்ணே ஆயிருக்கும்?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அவனுக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரியப்படுத்தாதது நான்.

*

இந்த ஆபத்தை முதலில் கவனித்தவரும் நோயாளிக்குப் பக்கத்தில் இருந்த ஒருவர்தான் என்பதைப் பிறகு படித்தேன்.

இந்த மருந்துக் குடும்பமே தற்செயலாகக் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் ஐலண்டிலுள்ள சீ வியூ மருத்துவமனையில் காசநோய்க்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயாளிகளுக்கு வழக்கத்துக்கு மீறிய உற்சாகம் வந்தது. 1952இல் எர்ன்ஸ்ட் ஆல்பர்ட் ஸெல்லர் அது மோனோஅமீன் ஆக்சிடேஸைத் தடுக்கிறது என்று கண்டார். 1957இல் நேதன் க்ளைன் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தினார். அடுத்தடுத்து அதே வகையில் வேறு மருந்துகளும் வந்தன. கூடவே அங்கொன்றும் இங்கொன்றுமாக விளங்காத தலைவலிகளும் மூளை ரத்தக்கசிவுகளும் செய்தியாயின.

லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் அப்போது பாரி பிளாக்வெல் என்ற இளம் மனநல மருத்துவர் பயிற்சியில் இருந்தார். இந்தத் தலைவலிகளைப் பற்றி அவர் லான்செட் இதழில் எழுதியதைப் பார்த்துவிட்டு, நாட்டிங்ஹாமிலிருந்து ஒரு மருத்துவமனை மருந்தாளர் அவருக்குக் கடிதம் எழுதினார். அவர் மனைவி இந்த வகை மருந்து எடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை அதே மாதிரித் தலைவலி வந்தது. இரண்டு முறையும் அவர் சீஸ் சாப்பிட்டிருந்தார். வெண்ணெய்க்கும் பாலுக்கும் வரவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமோ?

பிளாக்வெல்லும் நண்பர்களும் சிரித்தார்களாம். மருந்து எடுக்காதவர்களும் தினமும் சாப்பிடுகிற ரொட்டியும் சீஸும் உயிரை வாங்குமா? அதிலும் பிளாக்வெல் தானே ஒரு சக ஊழியரோடு சேர்ந்து அந்த மாத்திரையைச் சில நாள் விழுங்கிச் சீஸும் சாப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் ஆகவில்லை. விஷயம் அங்கேயே முடிந்திருக்கலாம். ஆனால் மருந்து நிறுவனப் பிரதிநிதி ஒருவர், தங்களுக்கும் சீஸ் என்று சொல்லிச் சில புகார்கள் வந்திருப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். பிளாக்வெல் வார்டில் தலைவலி வந்தவர் அன்றிரவு என்ன சாப்பிட்டார் என்று சமையலறைப் பதிவைத் தேடிப் பார்த்தார். சீஸ் இருந்தது. அதன்பின் ஒவ்வொரு தலைவலிக்கும் அவர் கேட்ட முதல் கேள்வி என்னிடம் நான்கு பேர் கேட்ட அதே கேள்வி. 1963இல் லான்செட்டில் அவர் கட்டுரை வந்தது. அதே வருடம் வேறு ஆய்வாளர்கள் குற்றவாளி டைரமின் என்று காட்டினார்கள். 1964இல் அமெரிக்காவில் டிரானில்சைப்ரோமினைச் சந்தையிலிருந்தே எடுத்துவிட்டு, கட்டுப்பாடுகளோடு அதே வருடம் மறுபடி விட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது பிளாக்வெல்லுக்கு ஒன்றும் ஆகாமல் போன அந்தப் பரிசோதனை. இப்போது யோசித்தால் காரணம் புரிகிறது. எல்லாச் சீஸும் ஒன்றல்ல. சிலவற்றில் ஏறக்குறைய டைரமினே இருக்காது. சில முதிர்ந்த சீஸ்களில் கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் வரை இருக்கலாம். முப்பது கிராம் துண்டு என்றால் முப்பது மில்லிகிராம். ஒரே பெயருள்ள இரண்டு துண்டுகளுக்கு நடுவே கூட இந்த வித்தியாசம் வரும். சோயா சாஸும் அப்படித்தான். 1990களில் டொரண்டோவில் சோதித்தவர்கள் ஒரு புட்டிக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு கண்டார்கள். அதே ஆய்வில், பெரிய கடைகளின் சாதாரண பீட்சாக்களில் பயப்படும்படி எதுவும் இல்லை. ஆக ஒருமுறை சாப்பிட்டு ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்தத் துண்டில் டைரமின் இல்லை என்று மட்டும்தான் அர்த்தம். அடுத்த துண்டுக்கு அது உத்தரவாதம் ஆகாது.

*

மறுநாள் மதியம் வீட்டுக்கு அனுப்பும் முன் உணவியல் நிபுணர் ஒரு பெண் வந்து உட்கார்ந்தார். ஈரல் எப்போது வாங்கியது என்றார்.

நான் விரலை மடக்கினேன். போன சனிக்கிழமை கசாப்புக் கடையில் வாங்கினேன். ஞாயிறு சமைப்பதாகத் திட்டம். ஞாயிறு வெளியே போய்விட்டேன். திங்கள் முதல் வேலை. வியாழன் இரவு ஃபிரிட்ஜைத் திறந்தபோது உள்ளே அது இருந்தது. வெள்ளி சாயங்காலம் எடுத்தபோது லேசாக ஒரு வாடை. அம்மா செய்வது போல மஞ்சள் தூளும் கல்லுப்பும் போட்டு மூன்று தண்ணீரில் கழுவினேன். மிளகும் பெருஞ்சீரகமும் தூக்கலாகப் போட்டேன். வாடை போய்விட்டது. ஆறு நாள்.

அவர் குறிப்பேட்டில் ஆறு என்று எழுதி அடியில் கோடு போட்டார். கோழி ஈரல் வாங்கிய அன்றே சமைத்தால் பிரச்சினை இல்லை என்றார். ஈரலில் புரதம் அதிகம், நீர் அதிகம், கோழியை வெட்டும்போதே பாக்டீரியா ஒட்டிக்கொள்ளும் உறுப்பு அது. ஃபிரிட்ஜ் அவற்றின் வேலையை மெதுவாக்கும், நிறுத்தாது. ஃப்ரீசர்தான் நிறுத்தும். ஈரல் கெட ஆரம்பித்ததை மூக்கு சொன்னது. நான் மஞ்சளால் மூக்கின் வாயை அடைத்துவிட்டேன். பாக்டீரியா கொதியில் செத்திருக்கும். அவை ஏற்கெனவே செய்து வைத்த டைரமின் சாகாது. எவ்வளவு வறுத்தாலும், எத்தனை விசில் விட்டாலும் அது அப்படியே இருக்கும். கழுவினாலும் போகாது.

என் பட்டியலில் 'கெட்டுப்போன இறைச்சி' என்று இருந்ததே, என்றார். இருந்தது. ஆனால் கெட்டுப்போனது என்றால் எனக்குப் புழு வைத்தது, குப்பையில் போட்டது. ஆறு நாள் ஈரல் எங்கள் வீட்டு அகராதியில் கெட்டுப்போனதல்ல, 'கொஞ்சம் பார்த்துச் சமைக்க வேண்டியது'. மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்று சொல்லி வளர்த்த வீடு. ஒன்றரை வருடமாக நான் சீஸையும் கருவாட்டையும் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். பட்டியல் பெயர்களால் ஆனது. ஆபத்தோ தேதிகளில் இருந்தது.

அன்றைக்கு அவரிடம் எங்கள் சாப்பாட்டை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பால், புதுத் தயிர், மோர், பன்னீர் தடையில்லை. பன்னீர் முதிர வைக்காத சீஸ். அன்றே வாங்கிச் சமைத்த மீன், கறி, முட்டை தடையில்லை. கருவாடும் மாசியும் வேண்டாம். மீந்த குழம்பை உடனே ஆறவைத்து ஃப்ரீசரில் போடலாம். அடுப்படியில் மூடி வைத்துவிட்டு மறுநாள் சூடு பண்ணுவது கூடாது. இட்லி மாவு அவர் கையிலிருந்த எந்தப் பட்டியலிலும் இல்லை. புதிதாகப் புளித்த மாவில் இரண்டு இட்லி சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் அழுத்தம் பார்த்து வாருங்கள் என்றார். பார்த்தேன், நான்கு வெவ்வேறு நாட்களில். மாறவில்லை. ஆனாலும் மூன்றாம் நாள் மாவை நான் தொடுவதில்லை.

*

அந்த ஞாயிறு அம்மாவுக்கு வீடியோ அழைப்பு போட்டேன். கையில் ஊசி குத்திய இடம் நீலமாக இருந்தது. மறைக்கவில்லை.

"அலர்ஜி இல்லம்மா. மாத்திரை. மனசுக்கு."

அவள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் தெருவில் யாரோ கோலப்பொடி விற்றுக்கொண்டு போனார்கள். "எத்தனை நாளா?" என்றாள். ஒன்றரை வருடம் இந்த மாத்திரை, அதற்கு முன்னால் மூன்று வருடம் வேறு மாத்திரைகள் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். "போன பொங்கலுக்குக் கருவாடு பொதிஞ்சு ஆள்கிட்டே குடுத்துவிட்டேனே, அதை என்ன பண்ணினே?" என்று கேட்டாள்.

"தம்பிக்குக் கொடுத்துட்டேன்."

"என்கிட்டே சொல்லியிருந்தா நான் அனுப்பியிருப்பேனாடா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஈரல் கதையைச் சொன்னேன். மஞ்சள் போட்டுக் கழுவியதைச் சொன்னபோது வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அவள் கற்றுக்கொடுத்தது அது. காசு கொடுத்து வாங்கிய கறியைக் கொட்ட முடியாத ஒரு காலத்தில் அவள் அம்மா அவளுக்குக் கற்றுக்கொடுத்தது. உன் தப்பில்லை என்றேன். மற்றவர்களுக்கு அதனால் வயிறு கெடலாம், எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

இப்போது எங்கள் ஃபிரிட்ஜில் எல்லா டப்பாவிலும் ஒரு பட்டை ஒட்டியிருக்கும். தம்பியின் கையெழுத்து: 'செவ்வாய் வாங்கியது', 'இன்னைக்கே'. சளி மாத்திரைப் பெட்டியின் மேல் பேனாவால் 'அண்ணனுக்குக் கிடையாது' என்று எழுதி வைத்திருக்கிறான். என் அட்டையின் படம் அவன் போனில் இருக்கிறது.

அம்மா தினமும் அழைக்கிறாள். முன்பெல்லாம் சாப்பிட்டியா என்று கேட்பாள். இப்போது தட்டைக் காட்டச் சொல்லி, மீனைப் பார்த்துவிட்டு, "எந்தக் கிழமை வாங்கினது?" என்கிறாள்.

"இன்னைக்கும்மா."

"சரி, சாப்பிடு."